சீட்டை எடுப்பது யார் கை?

கேள்வி: வணக்கம். முதல் சிறுகதை எழுதியிருக்கிறேன். சென்னையில் கால் சென்டரில் இரவுப்பணி செய்யும் ரேவதி என்ற பெண், ஒவ்வொரு விடியலிலும் வீடு திரும்பியதும் குறி பார்க்கும் டாரட் சீட்டு ஒன்றை எடுத்துப் பார்க்கிறாள். நியூயார்க் அலுவலக நேரத்துக்கு வேலை. காலை 6 மணிக்கு லாக் அவுட். கதை நடப்பது ஜூன் மாதம். சீட்டுக்கட்டில் பேரரசன், தேர், மரணம் என்று தனிப்பெயர் கொண்ட 22 பெரிய சீட்டுகள் மட்டுமே. 19 நாட்கள் ஒவ்வொரு நாளும் வேறு சீட்டு. கடைசி மூன்று நாளும் தொடர்ந்து ‘மரணம்’ சீட்டு. அதைப் பார்த்து வேலையை விட்டுவிடுகிறாள். 3,400 சொற்கள். ஓர் இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. நண்பர்கள் ‘பட்டியல் மாதிரி இருக்கு, நம்ப முடியலை’ என்கிறார்கள். எதை மாற்றுவது, எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

தொடங்க வேண்டிய இடம் கடிகாரம். நம்ப முடியவில்லை என்று நண்பர்கள் சொல்வது சீட்டைப் பற்றி மட்டும் இருக்காது. முதல் பக்கத்திலேயே நேரம் தப்பாக ஓடுவதால், இரவுப்பணி பார்த்த எவரும் அங்கேயே கதையை விட்டு இறங்கிவிடுவார்கள்.

ஜூன் மாதத்தில் நியூயார்க்குக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை 9 முதல் மாலை 6 வரை என்றால், இங்கே மாலை 6.30 முதல் பின்னிரவு 3.30 வரை. வண்டி வந்து, நாலு பேரை இறக்கிவிட்டு, ரேவதி வீட்டுக் கதவைத் திறக்கும்போது மணி 4.30 இருக்கும். ஜூனில் சென்னையில் சூரியன் எழுவது ஏறத்தாழ 5.45க்கு. ஒன்பது மணி நேரம் பேசிக் களைத்தவள் இன்னும் ஒன்றேகால் மணி நேரம் விழித்திருந்து விடியலுக்காகக் காத்திருக்க வேண்டும். 24 மணி நேரச் சேவை என்றால் எந்த ஷிப்ட்டும் சாத்தியம்தான். ஆனால் அலுவலக நேரம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

இதற்கு இரண்டு சிறிய மாற்றம் போதும். வாடிக்கையாளர்களை நியூயார்க்கிலிருந்து டெக்சஸுக்குக் கொண்டுபோங்கள்; டாலஸ் நகரம் வைத்துக்கொள்ளலாம். காலத்தை ஜூனிலிருந்து நவம்பருக்குத் தள்ளுங்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைப்பார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே வைப்பார்கள். நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லாததால், அந்த ஞாயிறு கழிந்ததும் இங்கே ரோஸ்டர் மொத்தமும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். டாலஸ் ஷிப்ட் அக்டோபரில் மாலை 7.30 முதல் 4.30 வரை, நவம்பரில் 8.30 முதல் 5.30 வரை.

இதில் உங்களுக்குக் கிடைப்பது சரியான நேரம் மட்டுமல்ல. அக்டோபர் வரை அவள் 5.30 மணிக்கு இருட்டில் வந்து இருட்டிலேயே படுத்துவிடுவாள். நவம்பரில் 6.30க்கு வருகிறாள். தெரு விழித்துவிட்டது, பால்காரர் போய்விட்டார், அறைக்குள் வெளிச்சம் இருக்கிறது, தூக்கம் வரவில்லை. சீட்டு எடுக்கும் பழக்கம் ஏன் தொடங்கியது என்பதற்கு இப்போது உங்கள் கதையில் காரணமே இல்லை. ‘ஒருநாள் மனசுக்குத் தோன்றியது’ என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. எங்கோ ஒரு நாட்டில் முள்ளைத் திருப்பியதால் இங்கே ஒருத்திக்குத் தூக்கம் கெடுகிறது. அந்த இடைவெளியை நிரப்ப, அறைத்தோழி விட்டுப்போன சீட்டுக்கட்டைக் கையில் எடுக்கிறாள். இந்தக் காரணம் போதும். அதை விளக்கக்கூட வேண்டாம், ‘போன வாரம் வரைக்கும் இந்நேரம் இருட்டாயிருக்கும்’ என்று அவள் நினைத்தால் சரி.

அடுத்தது அந்த 22 நாள். பட்டியல் மாதிரி இருக்கிறது என்பது சரியான குறை. காரணம், சீட்டை எடுப்பது ரேவதியின் கை அல்ல, உங்கள் கை. அது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். 22 சீட்டை ஒவ்வொரு நாளும் கலைத்து ஒன்று எடுத்தால், ஆறாம் நாளுக்குள்ளாகவே ஏதோ ஒரு சீட்டு இரண்டாம் முறை வர பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. 19 நாள் ஒன்றுகூடத் திரும்ப வராமல் இருப்பது ஏறத்தாழ 1,70,000 தடவைக்கு ஒரு முறை நடக்கிற காரியம். அதற்குப் பிறகு குறிப்பிட்ட ஒரு சீட்டு மூன்று நாள் தொடர்ந்து வருவது 10,648-ல் ஒரு முறை. வாசகர் யாரும் கணக்குப் போட மாட்டார். ஆனால் ரம்மி ஆடிய கை எல்லோருக்கும் உண்டு. சீட்டு எப்படி வரும் என்பது அந்தக் கைக்குத் தெரியும். மூளை ஒப்புக்கொண்டாலும் கை ஒப்புக்கொள்ளாது.

ஆகவே முழுக்கட்டைக் கொடுங்கள்: 78 சீட்டு. 22 பெரியவை போக மீதி 56, கோல், கோப்பை, வாள், காசு என நான்கு வகை, வகைக்கு 14. இன்று கடைகளில் அதிகம் கிடைப்பது 1909-ல் லண்டனில் வெளியான கட்டும் அதன் நகல்களும்தான். பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. அந்தக் கட்டின் சிறப்பே சின்னச் சீட்டுகளில் இருக்கிறது. வெறும் எட்டு வாள், ஒன்பது கோப்பை என்று எண்ணி வைக்காமல் ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி வரைந்திருப்பார்: பட்டறையில் உட்கார்ந்து ஒரே காசைத் திரும்பத் திரும்பச் செதுக்குகிறவன், மரத்தடியில் கை கட்டிக்கொண்டு நீட்டிய கோப்பையைப் பாராமல் இருப்பவன், தூக்கம் கலைந்து படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருக்கும் ஓர் உருவம். ஷிப்ட் முடிந்து வருகிறவளுக்கு இவர்கள்தான் சொந்தம். பேரரசனும் தேரும் எதற்கு?

அவள் எடுக்கிற எல்லாச் சீட்டையும் காட்ட வேண்டியதில்லை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை நீளும் கதையில் நான்கு காலைகளை மட்டும் எழுதுங்கள். மற்றவை ‘அந்த வாரம் முழுக்கக் காசாகவே வந்தது’ என்பதுபோல அரை வரியில் போகட்டும். ஒரு காலையில் எடுக்காமலேயே தூங்கிவிடட்டும். பழக்கம் என்று வாசகர் நம்புவது அது தவறும் நாளில்தான்.

இனி, திரும்பத் திரும்ப வரும் சீட்டு. இதை விட்டுவிடாதீர்கள், கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆனால் அது வானத்திலிருந்து வரக்கூடாது, காகிதத்திலிருந்து வர வேண்டும்.

டாரட் சீட்டு சாதாரணச் சீட்டைவிடப் பெரியது. ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் உயரம். 78 சேர்ந்தால் ஒரு கைக்குள் அடங்காது. களைத்த கை அதை நன்றாகக் கலைக்காது. ஒரு கையில் வைத்து மறு கையால் பிடிபிடியாக நாலு முறை மாற்றிப் போடும், அவ்வளவுதான். அப்படிப் போட்டால் கத்தை இடம் மாறுமே தவிர, கத்தைக்குள் இருக்கும் வரிசை பெரும்பாலும் கலையாது. பிறகு கட்டை வெட்டுவாள், அதாவது மேல்பாதியைத் தூக்குவாள். தூக்கிய பாதியின் அடியில் இருப்பதைத் திருப்பிப் பார்ப்பாள். இந்த முறையை முதல் காலையிலேயே நிதானமாக எழுதிவிடுங்கள், பின்னால் எல்லாம் இதன்மேல்தான் நிற்கப்போகிறது. விசிறிபோல விரித்து நடுவில் ஒன்றை உருவுகிறாள் என்று இப்போது எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றுங்கள். விரித்து எடுத்தால் நான் சொல்லப்போவது நடக்காது.

மார்கழியில் ஒரு நாள். மழைமேகம் விலகிவிட்டது. அறை ஜன்னல் தென்கிழக்கு பார்த்தது. அந்த மாதத்தில் சூரியன் எழுவதும் அந்தப் பக்கம்தான். இரவுப்பணிக்காரர்கள் செய்வதுபோல ரேவதியும் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறாள். ஆனால் கதவு சட்டத்தோடு சேராத இடத்தில் விரல் அகலத்துக்கு ஓர் இடுக்கு. எட்டு மணிக்கு அதன் வழியே ஒரு கீற்று சரியாகக் கண்ணில் விழுகிறது. எழுந்துபோய்த் துணி தேடச் சோம்பல். கைக்கெட்டும் தூரத்தில் அன்று எடுத்த சீட்டு கிடக்கிறது. அதை மடக்கி இடுக்கில் செருகிவிட்டுத் தூங்குகிறாள். மாலையில் எடுத்து, தேய்த்து நிமிர்த்திக் கட்டோடு சேர்க்கிறாள்.

ஒரு முறை வளைந்த அட்டை பழையபடி தட்டையாகாது. கட்டை அடுக்கினால் அந்த இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு வாய் திறந்திருக்கும். வெட்டும்போது கட்டைவிரல் எங்கே பிடி கிடைக்கிறதோ அங்கே போகும். பிடி கிடைப்பது அந்த வாயில்தான். விளிம்பு கீழ்நோக்கி வளைந்த சீட்டு, தூக்கிய பாதியின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும். மாயவித்தைக்காரர்கள் தெரிந்தே செய்யும் வேலை இது. அவள் தெரியாமல் செய்துவிட்டாள். வாசகருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. மூன்று நாள் தொடர்ந்து அதே சீட்டு வந்தால் சிரிப்பு வந்துவிடும். ஒன்பது காலையில் மூன்று முறை, இடையில் வேறு சீட்டுகளோடு வரட்டும். அவள் மிரள ஆரம்பிக்க இரண்டாவது முறையே போதும்.

இங்கே தவற வாய்ப்புள்ள இடம் ஒன்று உண்டு. கட்டை இறுக்கமான அட்டைப்பெட்டியில் வைத்தாலோ ரப்பர் பேண்ட் போட்டாலோ, அந்த அழுத்தத்தில் வளைவு மெல்லக் குறைந்துவிடும், உங்கள் காரணமும் அதோடு போய்விடும். தளர்ந்த சுருக்குப்பையில் வையுங்கள். நவம்பர் காலைகளை எழுதும்போது, மழை ஈரத்தில் அட்டை ஊதி, ஒன்றை எடுத்தால் இரண்டாக ஒட்டிக்கொண்டு வருவதையும் ஒரு முறை காட்டிவிட்டால், இந்தக் கட்டு காகிதத்தால் ஆனது என்பது வாசகர் மனதில் முன்பே பதிந்திருக்கும்.

எந்தச் சீட்டை வளைப்பது? ‘மரணம்’ வேண்டாம். அதை எடுத்தவுடன் வாசகர் உங்களுக்கு முன்னால் ஓடிவிடுவார். நான் தேர்வது ஒன்பது வாள். கறுத்த சுவரில் ஒன்பது வாள் படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்று. கீழே ஓர் உருவம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்திருக்கிறது. காலின் மேல் ஒரு போர்வை, அதில் கட்டம் கட்டமாக ரோஜாப்பூவும் ராசிக் குறிகளும். சீட்டுப் புத்தகங்கள் இதற்குக் கவலை, தூக்கமின்மை என்று பொருள் சொல்லும். நீங்கள் அதைச் சொல்லாதீர்கள். இப்போதைய பிரதியில் ஒவ்வொரு சீட்டுக்கும் ‘இதன் பொருள்...’ என்று ஒரு வரி வருகிறது. பத்தொன்பது வரிகளையும் அடித்துவிடலாம். பொருளுக்குப் பதில், அவள் கண் படத்தில் எங்கே போகிறது என்று எழுதுங்கள். உதாரணத்துக்கு இப்படி:

“வாள்களை அவள் எண்ணவில்லை. போர்வையைத்தான் பார்த்தாள். நல்ல கனமான போர்வை. ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் ரோஜா. இவ்வளவு நல்ல போர்வையை வைத்துக்கொண்டு எதற்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறது இந்த ஜென்மம்? அங்கே ராத்திரி போல. கீழ்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. ரேவதி சீட்டைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் துப்பட்டாவைக் கண்ணுக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.”

இதில் விளக்கம் ஏதும் இல்லை. ஆனால் ஊர் தூங்கும்போது விழித்து, ஊர் எழும்போது படுக்கிற ஒருத்தி எதைப் பார்த்துப் பொறாமைப்படுவாள் என்பது தெரிகிறது. சீட்டுக்கும் அவளுக்கும் இவ்வளவு உறவு போதும்.

அழைப்புக் காட்சிக்கு வருவோம். மனைவியை இழந்த முதியவர், இணைய இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு அழைக்கிறார். ரேவதி 31 நிமிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். டீம் லீடர் ‘இனி ஒரு தடவை இப்படி நடந்தால் வேலை போகும்’ என்கிறார். முதியவர் நன்றாக வந்திருக்கிறார். டீம் லீடர் நாடகத்திலிருந்து வந்திருக்கிறார்.

அங்கே எப்படி நடக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு இரவுக்கு 55 அழைப்பு, ஒன்றுக்குச் சராசரி 7 நிமிடம் என்பது நீங்களே கதையில் கொடுத்திருக்கும் இலக்கு. ஒரு அழைப்பு 31 நிமிடம் ஓடினால் கூடுதலாகப் போனது 24 நிமிடம். அதை 55-ஆல் வகுத்தால் 26 விநாடி. அவளுடைய அன்றைய ஏ.ஹெச்.டி., அதாவது ஓர் அழைப்புக்கு ஆன சராசரி நேரம், 7 நிமிடத்திலிருந்து 7 நிமிடம் 26 விநாடி ஆகியிருக்கும், அவ்வளவே. இதற்கு யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள். ஷிப்ட் தொடங்குமுன் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசுவார்கள் இல்லையா, அங்கே ‘ரேவதி, இருபத்தாறு செகண்ட்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். மிரட்டலைவிட இது கொடுமை. ஒரு மனிதர் தன் மனைவியைப் பற்றிப் பேசியது இருபத்தாறு விநாடியாகச் சுருங்கிவிட்டது. இன்னொன்றும் உண்டு. அதே அழைப்பைக் குவாலிட்டி பிரிவு ஒலிப்பதிவில் கேட்டால், இரங்கல் சொன்ன விதத்துக்கு நல்ல மதிப்பெண் போட்டிருக்கும். ஒரே அழைப்பு ஒரு தாளில் பச்சை, இன்னொரு தாளில் சிவப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், கருத்துச் சொல்ல வேண்டாம்.

முதியவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அவள் மேஜையிலேயே தாளில் எழுதி வீட்டுக்குக் கொண்டுவருவதாக வருகிறது. கட்டண விவரம் கையாளும் பல ஃப்ளோர்களில் பேனா, தாள், கைப்பேசி எதற்கும் இடமில்லை, எல்லாம் வெளியே லாக்கரில். அவள் அதை மனதிலேயே சுமந்து வர வேண்டும். வண்டியில் மூன்று பேர் இறங்கும்வரை மறக்காமல் சொல்லிப்பார்த்துக்கொண்டே வர வேண்டும். வீடு வரும்போது ஒரு சொல் மாறியிருக்கலாம். அந்த மாறிய சொல்லையே எழுதுங்கள், தாளைவிட நல்ல இடம் கிடைக்கும். வண்டி என்றதும் ஒன்று: கடைசியாக இறங்குவது பெண் என்றால் கூட ஒரு காவலர் வருவது வழக்கம். உங்கள் வண்டியில் அவள் தனியாக ஓட்டுநரோடு வருகிறாள். அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவருக்கும் அது இரவுப்பணிதான்.

உரையாடல் மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். முதியவரின் ஆங்கிலத்தைத் தமிழெழுத்தில் பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறீர்கள். ‘தேங்க் யூ ஃபார் காலிங்’ என்ற தொடக்கம் மட்டும் ஒரு முறை வரட்டும், அது அவளுடைய சீருடை போல. மற்றதெல்லாம் தமிழில் இருக்கட்டும். ஸ்கிரிப்டில் உள்ள வரிகளை அவள் சொல்லும்போது தமிழ் கொஞ்சம் விறைப்பாகவும், ஸ்கிரிப்டை விட்டு விலகும்போது வீட்டுத் தமிழாகவும் மாறினால், 31 நிமிடத்தில் எந்த நிமிடத்தில் அவள் விலகினாள் என்பது வாசகருக்குச் சொல்லாமலே கேட்கும்.

முடிவு. சீட்டைப் பார்த்த காலையில் வேலையை விட முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். நோட்டீஸ் காலம் என்று ஒன்று இருக்கிறது. சொல்லாமல் நின்றுவிட்டால் ‘அப்ஸ்காண்ட்’ என்று போட்டுவிடுவார்கள், ரிலீவிங் லெட்டர் வராது, அடுத்த கம்பெனியில் அது கேட்பார்கள். இவ்வளவும் தெரிந்த பெண் ஒரு சீட்டை நம்பி அப்படிச் செய்தாள் என்றால், அவளை நீங்கள் முட்டாளாக்குகிறீர்கள். அவள் விட வேண்டியதில்லை.

தை பிறக்கும்முன் ஒரு காலையில் மூன்றாம் முறையாக ஒன்பது வாள் வரட்டும். அன்றைக்கு அதைத் திருப்பும்போது அவள் விரல் விளிம்பில் அந்த வளைவைத் தொடட்டும். சீட்டைக் கட்டுக்குள் வைத்துப் பார்க்கிறாள், வாய் திறக்கிறது. எடுத்துப் பார்க்கிறாள், மூடிக்கொள்கிறது. இரண்டு முறை செய்து பார்க்கட்டும், மூன்றாவது முறை வேண்டாம். ‘அப்போ இவ்வளவு நாளும் நான்தானா’ என்பதுபோன்ற வாக்கியத்தை எழுத உங்கள் கை துறுதுறுக்கும், எழுதினால் அடித்துவிடுங்கள். மணி எட்டாகப் போகிறது, கீற்று சுவரில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவள் எழுந்து போய் அதே சீட்டை, படம் உள்ளே தெரியும்படி, இடுக்கில் செருகிவிட்டு வந்து படுக்கிறாள். அறை இருட்டாகிறது. அதற்கு அடுத்த வரி உங்களுக்குத் தேவைப்படாது. இப்போதைய 3,400 சொல்லில் ஏறத்தாழ 1,200 போய்விடும். திருத்திய பிரதியை அதே இதழுக்கு அனுப்பாமல் வேறொன்றுக்கு அனுப்புங்கள்.